அட்வான்ஸ் கொடுத்த ஒரு லட்சம் எந்த பில்லில் கழிந்தது?

பெரும்பாவூர் பிளைவுட் ஆலையிலிருந்து ஆரியங்காவு வழியாகச் சரக்கு இறக்கும் செங்கோட்டை ஹார்டுவேர் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். புது வாடிக்கையாளர் என்பதால் ஆலைக்காரர் முதலில் ஒரு லட்சம் ரூபாய் கேட்கிறார். கடைக்காரர் வங்கி வழியாக அனுப்பிவிடுகிறார். பத்து நாளில் முதல் லோடு வருகிறது: சரக்கு 60,000, அதற்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. 10,800, மொத்தம் 70,800. அடுத்த மாதம் இரண்டாம் லோடு: 80,000, வரி 14,400, மொத்தம் 94,400. கணக்கு இவ்வளவுதான். ஆனாலும் இதில் பணத்தைத் தொலைக்கப் பல வழிகள் உண்டு.

முதல் தவறு, அட்வான்ஸ் போன அன்றே அதைக் கொள்முதல் கணக்கில் எழுதிவிடுவது. சரக்கும் வரவில்லை, பில்லும் வரவில்லை. அப்போது அது ஆலைக்காரரிடம் நமக்கு இருக்கும் சொத்துதானே தவிர, செலவு அல்ல. கொள்முதலில் எழுதினால் பில் வரும்போது அதே சரக்கு இரண்டாம் முறை கொள்முதலாகிறது, லாபம் ஒரு லட்சம் குறைந்து தெரிகிறது. அதைவிட ஆபத்து வேறு: ஆலைக்காரரின் பெயரில் அட்வான்ஸே காணாமல் போவதால், பில் தொகை முழுவதும் பாக்கி என்று தோன்றி, யாராவது முழுப் பணத்தையும் அனுப்பிவிடுவார்கள். கொள்முதல் மொத்தம், விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைத் தொகுத்துத் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி காட்டும் தொகையைவிட அதிகமாக இருந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

டேலி கணக்கு மென்பொருளில் பில் வாரியான விவரம் கேட்கும் இடத்தில் நடப்பது இரண்டாவது தவறு. அவசரத்தில் `On Account` என்பதைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பணம் எந்த பில்லோடும் ஒட்டாமல் மிதக்கிறது. பாக்கிப் பட்டியலில் 70,800 செலுத்தாத பில்லாகவே நிற்கிறது. பணம் கொடுக்கும்போது `Advance` என்று தேர்ந்தெடுத்து அதற்கு ஒரு பெயர் கொடுங்கள். முதல் பில்லைப் பதியும்போது `Agst Ref` வழியாக அதே பெயரில் 70,800-ஐக் கழியுங்கள். அட்வான்ஸில் மிச்சம் 29,200. இரண்டாம் பில்லில் அந்த 29,200-ஐ அதே பெயரிலும், எஞ்சிய 65,200-ஐ `New Ref` ஆகவும் பிரித்துப் போட்டால், பாக்கிப் பட்டியல் பார்ப்பவர் யாராக இருந்தாலும் 65,200-க்கு மேல் அனுப்ப மாட்டார். இதில் இன்னொரு பயனும் உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் போய்ச் சேராவிட்டால், அந்த பில்லில் கட்டிய வரிக்காக நாம் எடுத்த உள்ளீட்டு வரிக்கழிவை அரசுக்குத் திருப்ப வேண்டும். அட்வான்ஸில் கழிந்த பில் பணம் கொடுத்த பில்தான். ஆனால் அது கணக்கில் தெரிய வேண்டுமே.

மூன்றாவது தவறு அண்ணாச்சி கடைகளில் நான் அதிகம் பார்ப்பது. 'கையிலிருந்து போனது 65,200தானே' என்று இரண்டாம் பில்லையே அந்தத் தொகைக்குப் பதிந்துவிடுகிறார்கள். அதை வரி சேர்ந்த தொகையாகப் பிரித்தால் ஐ.ஜி.எஸ்.டி. சுமார் 9,946 ரூபாய்தான் வரும். பில்லில் இருப்பதோ 14,400. கிட்டத்தட்ட 4,454 ரூபாய் உள்ளீட்டு வரி வீணாகக் கைவிட்டுப் போகிறது. சரக்கு மதிப்பும் குறைந்து பதிவாகிறது. பில் எப்போதும் முழுத் தொகைக்கே பதிவாக வேண்டும். கழிப்பது ஆலைக்காரரின் கணக்கில் மட்டும்.

அட்வான்ஸ் கொடுத்த அன்றே உள்ளீட்டு வரிக்கழிவு எடுக்க முயல்பவர்களும் உண்டு. பில்லும் சரக்கும் இரண்டும் கைக்கு வந்த பிறகே அது கிடைக்கும்.

கடைசியாக, மிகவும் சிக்கலானது. அட்வான்ஸ் போனது ஆலை நடத்தும் சகோதரர்களில் அண்ணன் பெயரிலுள்ள நிறுவனத்துக்கு. இரண்டாம் பில் வருவதோ தம்பியின் நிறுவனத்திலிருந்து, வேறு ஜி.எஸ்.டி. எண்ணில். 'எல்லாம் ஒன்றுதான் சேட்டா' என்று தொலைபேசியில் சொல்வார்கள். சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. 29,200 அண்ணனிடமே இருக்கிறது, தம்பிக்கு 94,400 முழுவதும் பாக்கி. தயங்காமல் அந்த 29,200-ஐத் திரும்ப அனுப்பச் சொல்லி, தம்பியின் கணக்குக்கு முழுத் தொகையைச் செலுத்துவதே என் யோசனை. அது முடியாதென்றால், தொகையை மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று இரு நிறுவனங்களிடமும் எழுத்தில் வாங்கி, தம்பி நிறுவனத்தின் பெயரில் பற்றும் அண்ணன் நிறுவனத்தின் பெயரில் வரவுமாக ஒரு ஜர்னல் போட வேண்டும். கடிதம் இல்லாமல் ஜர்னல் மட்டும் போட்டால், நாளை சகோதரர்கள் பிரிந்தபின் தம்பி வந்து 29,200 இன்னும் வரவில்லை என்பார். அவரை மறுக்க நம்மிடம் ஒரு காகிதமும் இருக்காது.