84 சதவீத ஒற்றுமையை நம்பி ஏமாந்தேன்

பினாங்கில் எங்கள் சாட்பாட்டின் 50 பதில்களை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து 'நல்லது', 'மோசம்' என்று குறித்தார்கள். 42-இல் ஒத்துப்போனார்கள், அதாவது 84 சதவீதம், எனக்கு நிம்மதி. ஆனால் இருவருமே தலா 44 பதில்களுக்கு 'நல்லது' போட்டிருந்தார்கள், அப்படியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 79 சதவீதம் ஒத்துப்போகும். அந்தத் தற்செயல் ஒற்றுமையைக் கழித்துப் பார்த்து, முழு ஒற்றுமைக்கு 1 தருகிற கோஹன் கப்பா என்ற அளவு வெறும் 0.24.

சரி, முரண்பட்ட எட்டையும் மூவருமாக உட்கார்ந்து படித்தோம். பட்டர்வொர்த் ஃபெரி கட்டணம் கேட்டவருக்கு நேரத்தை மட்டும் சரியாகச் சொன்ன பதில் ஒன்று. "தகவல் தப்பில்லையே" என்றார் ஒருவர், "கேட்டது வரலையே அண்ணே" என்றார் மற்றவர்.

இருவர் சொன்னதும் சரிதான், என் கேள்விதான் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேட்டது. 'தகவல் தவறா?', 'கேட்டதற்குப் பதில் வந்ததா?' என்று பிரித்து, இந்த ஃபெரி பதிலையே உதாரணமாகப் போட்டு, அப்புறம் அவர்கள் பார்க்காத புது 50 பதில்களைக் கொடுத்தேன். இரண்டிலும் கப்பா 0.7-ஐத் தாண்டியது.