இணைப்பு உடையாமல் மேற்கோள் தருவது எப்படி: ஆசிரியர்களுக்கு நூலகத்திலிருந்து

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பாடக்குறிப்புகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நீங்கள் தரும் இணைப்புகளைத் தேடிக்கொண்டு மாணவர்கள் நூலகத்துக்கு வருகிறார்கள். பாதிப் பேருக்குப் பக்கமே திறப்பதில்லை. மீதிப் பேருக்குத் திறக்கிறது, ஆனால் நீங்கள் படித்தது அதில் இல்லை. இந்த இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்குக் கீழடி பற்றித் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரையைக் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கீழடியின் காலத்தை கி.மு. 6ஆம் நூற்றாண்டுவரை கொண்டுசென்ற தொல்லியல் துறை அறிக்கை வெளிவந்தது 2019இல்தான். 2018இல் ஒருவர் குறித்துவைத்த அதே முகவரியை இன்று திறந்தால் வருவது இன்றைய கட்டுரை. முகவரி மாறவில்லை, உள்ளடக்கம் மாறிவிட்டது. ஆகவே கட்டுரையின் பெயரைவிட, எந்தப் பதிப்பைப் படித்தோம் என்பதுதான் மேற்கோளில் முக்கியம்.

அதற்குக் கணினியில் கட்டுரையைத் திறந்து, மேலே உள்ள வரலாறு பகுதிக்குச் செல்லுங்கள். யார், எப்போது திருத்தினார்கள் என்ற பட்டியல் வரும். முதல் வரிசையில் இருப்பதே தற்போதைய பதிப்பு. அந்த வரிசையில் உள்ள நாளையும் நேரத்தையும் சொடுக்கினால், முகவரிப் பட்டையில் இந்த வடிவம் தெரியும் (எண் மாதிரிக்காக மட்டும்):

```
https://ta.wikipedia.org/w/index.php?title=கீழடி&oldid=1234567
```

`oldid` இருந்தால் சரி. நாளை யார் திருத்தினாலும் இந்த முகவரி அந்த உரையையே காட்டும். ஒரு குறை உண்டு: படங்களும் வார்ப்புருக்களும் இன்றைய நிலையில்தான் வரும். படம்தான் பாடத்துக்கு வேண்டும் என்றால், படத்தின் பக்கத்துக்குத் தனி இணைப்பு கொடுங்கள்.

செய்தித் தளங்களிலும் அரசுத் தளங்களிலும் இந்த வசதி இல்லை. அங்கே நாமே ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். முதலில் முகவரியைச் சுத்தம் செய்யுங்கள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வழியாக வந்த இணைப்பின் வாலில் `utm_source`, `fbclid` என்று ஏதாவது ஒட்டியிருக்கும். அவை நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று கணக்கெடுக்க மட்டுமே, வெட்டிவிடலாம். அதற்காகக் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். `?id=452` போன்றது பக்கத்தின் எண்ணாகவே இருக்கலாம். வெட்டியபின் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அப்புறம் `web.archive.org/save` என்ற பக்கத்துக்குப் போய், அந்த முகவரியை ஒட்டி, SAVE PAGE பொத்தானை அழுத்துங்கள். சில வினாடிகளிலும் முடியலாம், சில நிமிடங்களும் ஆகலாம். முடிந்ததும் கிடைக்கும் முகவரி இப்படி இருக்கும்:

```
https://web.archive.org/web/20250612043000/https://example.com/page
```

நடுவில் உள்ள 14 இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி. இது உலகப் பொது நேரம், நம் நேரம் இதைவிட ஐந்தரை மணி முன்னே. மேலே உள்ள நகல் இந்திய நேரப்படி காலை 10 மணிக்கு எடுத்தது.

நகல் எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள், அதைத் திறந்து கடைசி வரை உருட்டிப் பாருங்கள். கடவுச்சொல் கேட்கும் பக்கமாக இருந்தால் உள்நுழைவுப் படிவம் மட்டும் பதிந்திருக்கும். காணொளிகள் பெரும்பாலும் ஓடாது. உங்கள் கணினியில் நீங்கள் ஏற்கெனவே உள்நுழைந்திருப்பதால் எல்லாம் சரியாகத் திறப்பதுபோல் தோன்றும். ஆகவே மூல இணைப்பையும் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் சோதியுங்கள், மாணவருக்கு எப்படித் தெரியும் என்பது அங்கே தெரிந்துவிடும். இன்னொரு சங்கடம்: பல தளங்கள் நீக்கிய பக்கத்துக்குப் பிழைச்செய்தி காட்டாமல் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடுகின்றன. ஏதோ ஒன்று திறக்கிறது என்று நம்பாமல், தலைப்பு நீங்கள் கொடுத்ததுதானா என்று பாருங்கள்.

ஆய்விதழ்க் கட்டுரை என்றால் வேலை குறைவு. கட்டுரையில் `https://doi.org/10.` என்று தொடங்கும் முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். இதழ் வேறு தளத்துக்கு மாறினாலும், பதிப்பாளர் புதிய இடத்தைப் பதிவு செய்தால் அது அங்கே கொண்டுபோய் விடும்.

குறிப்பில் எழுதும்போது மூல இணைப்பு, நகல் இணைப்பு இரண்டும் இருக்கட்டும்:

```
ஆசிரியர், "தலைப்பு", தளத்தின் பெயர், வெளியான நாள்.
மூலம்: (முகவரி) பார்த்த நாள்: 12-06-2025
நகல்: (web.archive.org முகவரி)
```

ஆசிரியர் பெயர் இல்லாவிட்டால் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். தளம் மொத்தமாக மூடப்பட்டாலும் நகலைத் தேட மூல முகவரி வேண்டியிருக்கும், ஆகவே சுருக்க முகவரியை மட்டும் எழுதாதீர்கள். வகுப்பில் கரும்பலகைக்குச் சுருக்கம் தேவைப்பட்டால் பயன்படுத்திக்கொள்ளுங்கள், கைத்தாளில் முழு முகவரி இருக்கட்டும்.

இந்தப் பருவத்துக்கான கைத்தாள்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பினால், நகல் இல்லாத இணைப்புகளுக்கு நானே எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
பள்ளி நூலகர்