பிரிட்டனில் அரச ஓய்வூதிய வயது 67 ஆகிறது: உங்கள் நாளைக் கண்டறிவது எப்படி?

பிரிட்டனில் அரச ஓய்வூதிய வயதை 66-இலிருந்து 67-ஆக உயர்த்தும் மாற்றம், 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2026-க்கும் 2028-க்கும் இடையில் நடைபெறுகிறது. 1960 ஏப்ரல் 6 முதல் 1961 மார்ச் 5 வரை பிறந்தவர்களுக்கு முழு எண்ணாக ஒரு வயது கிடையாது. 66 ஆண்டுகளுடன் சில மாதங்கள் சேரும்.

ஒரே நாளில் உயர்த்தியிருந்தால், ஏப்ரல் 5-இல் பிறந்தவர் 66 வயதில் பணம் பெற, மறுநாள் பிறந்தவர் மேலும் ஓராண்டு காத்திருக்க நேர்ந்திருக்கும். இப்போது அந்த ஓராண்டு மாதங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இடைப்பட்ட காலத்தில் புதிதாக ஓய்வூதியம் பெறத் தொடங்குவோரின் எண்ணிக்கை சராசரியாக வழக்கத்தில் ஏறத்தாழப் பாதியாக இருப்பதால், அரசின் சேமிப்பும் படிப்படியாகவே சேருகிறது.

முதலில் உங்கள் பிறந்த தேதிக்கு எத்தனை மாதங்கள் கூடும் என்று கண்டுபிடியுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான், ஏனெனில் இங்கே மாதம் 1-ஆம் தேதியில் தொடங்குவதில்லை. 6-இல் தொடங்கி அடுத்த மாதம் 5-இல் முடிகிறது. 1960 ஏப்ரல் 6 முதல் மே 5 வரை பிறந்தவர்களுக்கு ஒரு மாதம் கூடும். மே 6 முதல் ஜூன் 5 வரை என்றால் இரண்டு மாதங்கள். இவ்வாறே பதினொரு மாதங்கள் வரை செல்லும். மே 5-இல் பிறந்தவருக்கு 2026 ஜூன் 5-இல் தகுதி கிடைக்கிறது. மே 6-இல் பிறந்தவருக்கோ ஜூலை 6-இல்தான். ஒரு நாள் வித்தியாசம் ஒரு மாத ஓய்வூதியத்தைத் தள்ளிப்போடுகிறது என்றாலும், ஓராண்டு இழப்பைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து, அரசின் கணிப்பானில் சரிபாருங்கள்:

```
https://www.gov.uk/state-pension-age
```

வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. பழைய சட்டத்தின் தேதிகள் அவற்றில் கலந்திருக்கக்கூடும். பிறந்த தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இடுங்கள். நீங்கள் இடுவதை வைத்தே அது கணக்கிடுகிறது. ஆகவே ஊரில் வீட்டார் சொல்லும் தேதியும் கடவுச்சீட்டில் உள்ள தேதியும் வேறுபட்டால், அரசுப் பதிவில் உள்ளதையே இடுங்கள்.

வயது வந்துவிட்டால் மட்டும் போதாது. புதிய அரச ஓய்வூதியத்தில் எதையேனும் பெறப் பொதுவாக 10 தகுதி ஆண்டுகள் தேசியக் காப்புறுதிப் பதிவில் இருக்க வேண்டும். அதைப் பின்வரும் பக்கத்தில் கணக்குத் திறந்து பார்க்கலாம்:

```
https://www.gov.uk/check-state-pension
```

பின்சேர்க்கை: 31-ஆம் தேதியில் பிறந்த வாசகர் ஒருவர், கூட்டிவரும் மாதத்தில் 31 இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். அம்மாதத்தின் கடைசி நாளே கொள்ளப்படும். 1960 ஜூலை 31-இல் பிறந்தவருக்கு 66 ஆண்டு 4 மாதங்கள் நிறைவது 2026 நவம்பர் 30. அந்த நாள் வந்ததும் பணம் தானாக வங்கிக்கு வராது. நீங்களே விண்ணப்பிக்க வேண்டும்.