வீடியோ தலைப்பில் வணக்கம் எதற்கு? தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி போன மாதம் ஒரு வீடியோ போட்டார். தலைப்பு இது:

வணக்கம் மக்களே | சித்தி சமையல் | வேற லெவல் ஆம்பூர் பிரியாணி ரகசியம் சீரக சம்பா குழையவே குழையாது

சமையலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் என் போனில் தேடிப் பார்த்தபோது 'வேற லெவல்' வரைக்கும்தான் தெரிந்தது, அதற்குப் பிறகு மூன்று புள்ளி. பிரியாணி என்ற சொல்லே கண்ணில் படவில்லை.

யூடியூப் தலைப்புக்கு 100 எழுத்து வரை இடம் தருகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். 'பிரியாணி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூடியூபின் கணக்கில் எட்டு. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். சித்தியின் தலைப்பு இப்படி 95-ஐத் தொட்டுவிட்டது. அதில் 'ஆம்பூர்' தொடங்குவதற்கு முன்பே 43 செலவு. திரையில் வெட்டுவது அகலத்தைப் பொறுத்தது என்பதால் போனுக்குப் போன் இடம் மாறும். எந்தப் போனிலும் பிழைப்பது முன்னால் இருப்பதுதான்.

மாற்றி எழுதியது:

சீரக சம்பா குழையாத ஆம்பூர் பிரியாணி | 1 கிலோ அளவு

மொத்தம் 49. "ஏம்பா, வணக்கம் சொல்லாம எப்படிப்பா?" என்றார் சித்தி. வீடியோவுக்குள் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? சேனல் பெயரும் தலைப்புக்குக் கீழேயே தானாக வருகிறது. 'ரகசியம்' என்பதையும் எடுத்துவிட்டேன். எதைப் பற்றிய ரகசியம் என்று சொல்லாத வரை அது வெறும் இடம் பிடிக்கும் சொல்.

அடுத்த தவறு விவரப்பகுதியில். முதல் வரியில் இன்ஸ்டாகிராம் லிங்க், இரண்டாவதில் சப்ஸ்கிரைப் பண்ணுங்க, மூன்றாவதில் தலைப்பே திரும்பவும். கணினியில் விரிக்காமல் தெரிவதே இரண்டு மூன்று வரிகள்தான். அந்த இடத்தில் முதலில் மாற்றி எழுதியது:

1 கிலோ சீரக சம்பா, 1 கிலோ மட்டன். அரிசி அரை மணி நேரம்தான் ஊறணும். முக்கால் பதத்தில் வடித்துத் தம் போடுகிறோம். பதம் பார்ப்பது 4:10-ல்.

லிங்க் எல்லாம் அடியில் போய்விட்டது. நேரக்குறிகளை அத்தியாயமாகக் காட்ட வேண்டுமானால் முதல் குறி 0:00 ஆக இருக்கணும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடியாவது ஓடணும்.

தலைப்பைத் திருத்தியதும் வீடியோவின் குறை வெளியே வந்தது. குழையாத சோறு என்று சொல்லிவிட்டு, முதல் மூன்று நிமிடம் கறிக்கடையில் பேரம். அண்டாவைத் திறந்து சோறு உதிரியாக விழும் காட்சி கடைசியில்தான். ஏற்றிய வீடியோவின் தலைப்பையும் விவரத்தையும் யூடியூப் ஸ்டூடியோவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியில் இருக்கும் காட்சியை அங்கே தூக்கி முன்னால் வைக்க முடியாது. கறிக்கடையை மட்டும் வெட்டினோம், அதற்கேற்ப 4:10-ஐ 1:10 ஆக்கினோம். அடுத்த வீடியோவுக்குத் தலைப்பை முதலில் எழுதிவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பதாக சித்தி சொல்லியிருக்கிறார்.