கருங்கல் பூமியில் போர் போடும்போது ஆழத்தை அல்ல, வெடிப்பைக் கணக்கிடும் முறை

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு நிலத்தடி நீர் என்றாலே மணலும் கைபம்பும்தான் நினைவுக்கு வரும். கைபோர் போட்டு ஓரளவு ஆழத்துக்குக் குழாய் இறக்கினாலே ஏதோ ஒரு நீர் கிடைத்துவிடும். அது உப்பா நல்ல நீரா என்பது மட்டுமே அங்கே கேள்வி. அதே குடும்பம் பல்லாவரம், தாம்பரம், வண்டலூர்ப் பக்கம் மனை வாங்கிப் போகும்போது கேள்வியே மாறிவிடுகிறது. அங்கே காலுக்குக் கீழே இருப்பது சார்னோகைட் என்னும் கடினமான கருங்கல். 400 அடி தோண்டியும் குடம் நிறையவில்லை என்ற புலம்பலும், பக்கத்து மனையில் 150 அடியிலேயே நீர் கொட்டுகிறது என்ற வியப்பும் ஒரே தெருவில் கேட்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. போர் போடும் நாளில் வீட்டுக்காரர் அதைத் தாமே கண்டறிந்து முடிவெடுக்கும் முறையைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதற்படி: நீர் எங்கே இருக்க முடியும் என்பதை அறிதல்

ஒரு கிரவுண்டு மனையை, அதாவது 2400 சதுர அடியை, எடுத்துக்கொள்வோம். அதன் கீழே 30 அடி கனத்துக்கு ஆற்று மணல் நீரில் ஊறியிருந்தால், நம் நாட்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டில் பயன்படும் 16 விழுக்காடு என்ற அளவின்படி, அதிலிருந்து வடித்தெடுக்கக் கூடியது சுமார் 3,25,000 லிட்டர். அதே 30 அடி, களி கலந்த சிதைந்த பாறையாக இருந்தால் அளவு 1.5 விழுக்காடு, கிடைப்பது சுமார் 30,000 லிட்டர். வெடிப்பு அதிகமில்லாத முழுப்பாறையாக இருந்தால் 0.3 விழுக்காடு, சுமார் 6,000 லிட்டர். மணலில் ஒவ்வொரு மணல்துகளுக்கும் நடுவே இடைவெளி உண்டு, அந்த இடைவெளி முழுவதும் நீர் நிற்கும். கருங்கல்லோ உருகிய நிலையிலும் கடும் வெப்ப அழுத்தத்திலும் இறுகியது. அதன் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருப்பதால் நடுவே நீருக்கு இடமில்லை.

ஆகவே பாறைப் பகுதியில் நீர் தங்க இரண்டே இடங்கள் உள்ளன. ஒன்று, மேலே மழையும் காற்றும் நெடுங்காலமாக அரித்து உளுக்கச் செய்த பகுதி. இதுதான் கிடங்கு. மற்றொன்று, அதன் அடியிலிருந்து முழுப்பாறைக்குள் இறங்கும் வெடிப்புகள், போர்க்காரர்கள் 'கேப்' என்று சொல்பவை. இவை கிடங்கிலிருந்து நீரைக் கொண்டுவரும் வழிகள் மட்டுமே. இவற்றுக்குள் தங்கும் நீர் மிகக் குறைவு. கிடங்கு வற்றினால் வழி எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. வழி இல்லாவிட்டால் கிடங்கு நிறைந்திருந்தும் போருக்குள் நீர் வராது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் நீரும் மற்றொரு வீட்டில் வெறும் தூசியும் வருவது இதனால்தான்.

வெடிப்பின் அகலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். ஒரு வெடிப்பின் வழியே பாயும் நீர், அதன் அகலத்தின் முப்படிக்கு ஏற்ப அமைகிறது. 0.2 மில்லிமீட்டர் வெடிப்பு 0.4 மில்லிமீட்டர் ஆனால் நீர் இரண்டு மடங்கு அல்ல, எட்டு மடங்கு வரும். ஆகவே நூறு மயிரிழை விரிசல்களைவிட நன்கு திறந்த ஓர் ஒற்றை வெடிப்பு மேலானது.

திறந்த வெடிப்புகள் பெரும்பாலும் மேற்பகுதியில்தான் அமைகின்றன. மேலிருந்த சுமை அரிக்கப்பட்டு நீங்கும்போது பாறை கிடைமட்டமாகப் பிளக்கிறது. உளுத்த பகுதிக்குச் சற்றுக் கீழே சில கனிமங்கள் நீரை ஏற்று உப்புவதாலும் பாறை நெருக்கமாக வெடிக்கிறது. கீழே போகப் போகப் பாறையின் எடை வெடிப்புகளை நெருக்கிவிடுகிறது. ஆழத்திலும் நல்ல வெடிப்பு கிடைப்பதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நூறு அடிக்கும் அதன் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது.

இரண்டாம் படி: தோண்டுமுன் விசாரித்தல்

அக்கம்பக்கத்தில் கேட்கும்போது 'எத்தனை அடி போர்?' என்று கேட்பதால் பெரிய பயனில்லை. 'கேசிங் எத்தனை அடி இறங்கியது? முதல் தண்ணீர் எத்தனாவது அடியில் வந்தது? அடுத்தது எங்கே?' என்று கேட்க வேண்டும். கேசிங் என்பது மேற்பகுதி சரியாமலிருக்க இறக்கும் குழாய். அதன் நீளம் உளுத்த பகுதியின் கனத்தைச் சொல்லும்; மற்ற இரண்டும் வெடிப்புகளின் ஆழத்தைச் சொல்லும். அருகில் திறந்த கிணறோ பழைய கல்குவாரியோ இருந்தால் நேரில் போய்ப் பார்ப்பது மிக நல்லது. பழுப்பு மண் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது, எந்தக் கோட்டில் ஈரம் கசிகிறது என்பது அங்கே கண்முன் தெரியும்.

மின்தடை அளவி வைத்து ஆய்வு செய்வோர் உளுத்த பகுதியின் கனத்தை ஓரளவு நம்பத்தக்க வகையில் சொல்வார்கள். ஆனால் 200 அடியில் இருக்கும் ஒரு மெல்லிய வெடிப்பைத் தரைமேலிருந்து துல்லியமாகக் காட்டும் ஆற்றல் அந்த முறைக்கு இல்லை. எனவே ஆய்வை இடம் தேர்வதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஆழத்தை அதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: ஒவ்வொரு ராடுக்கும் பதிவு எழுதுதல்

இதுதான் மிக முக்கியமான வேலை. பெரும்பாலோர் செய்யாமல் விடுவதும் இதுவே. பாறையில் காற்றழுத்தச் சுத்தியல் கொண்டு தோண்டுவார்கள்; துளை பெரும்பாலும் ஆறரை அங்குலம் இருக்கும். சுத்தியலைக் கீழே இறக்க ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் இரும்புத் தண்டுகளான ராடுகள் பெரும்பாலும் 20 அடி நீளம் கொண்டவை. முதலிலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு ராடுக்கும் நான்கு செய்திகளை எழுதுங்கள்: ராடு இறங்க ஆன நிமிடங்கள், வெளிவரும் துகளின் நிறம், தூசியாக வருகிறதா ஈரமாக வருகிறதா, நீர் வந்தால் அதன் அளவு.

துகளைக் கையில் அள்ளிக் கழுவிப் பாருங்கள். உளுத்த பகுதியில் மஞ்சளும் பழுப்புமாக, விரலால் நசுக்கினால் பொடியும் துகள் வரும். அதன் மேற்பாதி பிசுபிசுப்பான களியாக இருந்தால் அங்கே நீர் இருந்தும் எளிதில் நகராது. அடிப்பாதி நறநறவென்று மணலாக இருந்தால் நல்ல அறிகுறி. முழுப்பாறை வந்ததும் சாம்பல் நிறத் தூசி பறக்கத் தொடங்கும். துகள் கூர்மையாக, கரும்பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மின்னும். அந்தத் துகள்களுக்கு நடுவே ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்தாற்போல் பழுப்பேறிய சில்லுகள் வந்தால், அந்த முகத்தில் நீர் ஓடியிருக்கிறது என்று பொருள். அப்போது ராடு திடீரென வேகமாக இறங்கும், தூசி அடங்கும். அந்த அடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேசிங் குழாய் முழுப்பாறைக்குள் சில அடியாவது இறங்கி இறுக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் களி சரிந்து நீர் கலங்கும், மோட்டாரும் மாட்டிக்கொள்ளும். துளையில்லாக் கேசிங் உளுத்த பகுதியின் நீரை நேராக உள்ளே விடாது என்பதையும் கவனியுங்கள். அந்த நீர் கீழுள்ள வெடிப்புகள் வழியாகவே சுற்றி வர வேண்டும். சில இடங்களில் துளையிட்ட குழாய் போடுவார்கள். செப்டிக் டேங்குகள் நெருக்கமாக உள்ள குடியிருப்பில் அது கழிவுநீருக்கும் வழிவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நான்காம் படி: வாளியால் அளத்தல்

போர்க்காரர் 'ஓர் அங்குலத் தண்ணீர்' என்பார். அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். துளையைச் சுற்றி மண்ணால் வரப்பு கட்டி, ஒரு துண்டுக் குழாய் வழியே நீரை வெளியேற்றி, 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். நீர் கண்டதும் பாய்வது தேங்கியிருந்த நீர். இருபது, முப்பது நிமிடம் காற்றடித்துச் சீரான பிறகே அளக்க வேண்டும். தூசி அடக்க வண்டியிலிருந்து நீர் விட்டுக்கொண்டிருந்தால் அளக்கும்போது அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: எங்கே நிறுத்துவது

தண்டையார்பேட்டையிலிருந்து வண்டலூர்ப் பக்கம் குடிபோன உறவினர் ஒருவரின் மனையில் எழுதிய பதிவு இப்படி இருந்தது. 46 அடி வரை உளுத்த பாறை. கேசிங் 52 அடி. 72 அடியில் பழுப்புச் சில்லுகளோடு முதல் நீர். வாளி நிறைய 60 நொடி, அதாவது நிமிடத்துக்கு 15 லிட்டர். 168 அடியில் இரண்டாம் வெடிப்பு. வாளிக்கு 30 நொடி, இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 30 லிட்டர். அதன்பின் சாம்பல் தூசிதான். 400 அடியில் மீண்டும் அளந்தபோதும் அதே 30 நொடி. அதாவது கடைசி 232 அடி ஒரு சொட்டு வரத்தையும் கூட்டவில்லை.

ஆனால் மோட்டார் போட்ட முதல் வாரம் வீட்டார் அந்த ஆழத்தால்தான் நீர் வருகிறது என்று மகிழ்ந்தார்கள். அது எப்படித் தோன்றியது என்று பார்ப்போம். ஆறரை அங்குலத் துளையில் அடிக்குச் சுமார் 6.5 லிட்டர் நீர் நிற்கும். நீர்மட்டம் 40 அடி, மோட்டார் 380 அடி. நடுவே நிற்பது சுமார் 2,200 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 60 லிட்டர் இழுக்கிறது, வெடிப்பிலிருந்து 30 வருகிறது. மீதி 30 லிட்டர் துளையின் இருப்பிலிருந்து போகிறது. ஆகவே ஏறத்தாழ 74 நிமிடம் தடையின்றி ஓடி, பிறகு காற்றுப் பிடிக்கும். கோடையில் நீர்மட்டம் 90 அடிக்கு இறங்கியபோது 72 அடி வெடிப்பு வறண்டது; வரத்து பாதியானது; துளையில் நிற்பது 1,900 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 42 நிமிடத்தில் மோட்டார் காற்றை இழுத்தது. 'போர் செத்துப்போச்சு, இன்னும் ஆழப்படுத்தலாம்' என்ற பேச்சு எழுந்தது. போர் சாகவில்லை, மேல் வெடிப்புக்குக் கிடங்கில் நீர் இல்லை, அவ்வளவுதான்.

அந்த 232 அடி உண்மையில் தந்தது சுமார் 1,500 லிட்டர் கொள்ளளவு. மூன்று 500 லிட்டர் தொட்டிகள் அதைச் செய்திருக்கும். எனவே நான் சொல்லும் வழி இது: கடைசி வெடிப்புக்குப் பிறகு நூறு அடிக்குமேல் துகளின் நிறமும் வாளிக் கணக்கும் மாறாமலிருந்தால், மோட்டார் தொங்கவும் வண்டல் படியவும் சிறிது இடம் விட்டு நிறுத்துங்கள். அக்கம்பக்கத்துப் பதிவுகள் ஆழத்தில் வெடிப்பைக் காட்டினால் மட்டும் தொடருங்கள். வரத்து மிகக் குறைவாக இருந்து, அருகில் வெடிப்புகள் களியால் அடைபட்டிருக்கலாம் என்று தோன்றினால், அழுத்த நீரைச் செலுத்தித் திறக்கும் முறையை முயலலாம். வெடிப்பே இல்லாத பாறையில் அதுவும் கைகொடுக்காது.

ஆறாம் படி: மோட்டாரை வரத்துக்கு ஏற்ப அமைத்தல்

நபருக்கு 135 லிட்டர் என்று கொண்டால் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு 675 லிட்டர் போதும். கோடையின் 15 லிட்டர் வரத்துகூட முக்கால் மணி நேரத்தில் அதைத் தந்துவிடும். ஆகவே அந்த வீட்டில் சிறிய மோட்டாராக மாற்றி, காலை இருபது நிமிடமும் மாலை இருபது நிமிடமும் ஓடுமாறு நேரக் கருவி பொருத்தி, மேல்தொட்டியைப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு மாதமும் மோட்டாரை நிறுத்தியபின் எடை கட்டிய கயிற்றை இறக்கி, நீர்மட்டம் பழைய நிலைக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று நோட்டில் எழுதுகிறார்கள். அந்த நேரம் மாதந்தோறும் நீண்டுகொண்டே போனால் கிடங்கு இறங்குகிறது என்று பொருள். அப்போது மாடி மழைநீரை வடிகட்டிக் கசிவுக்குழி வழியாக உளுத்த பகுதிக்குள் இறக்க வேண்டும், மோட்டார் ஓடும் நேரத்தையும் குறைக்க வேண்டும்.