ஜிடிபி ஏறினால் யார் வீட்டில் ஏறியது? கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜிடிபி, 2005, 2006, 2007 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் 5 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. டர்பனில் வரலாறும் சமூகவியலும் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த எண்ணைக் கட்டுரையில் எழுதியதும், அடுத்த வரியிலேயே "மக்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். அதே ஆண்டுகளில் வேலையில்லாதோர் விகிதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. பிள்ளைகள் எழுதும் முதல் வரி உண்மை. இரண்டாவது வரி அதிலிருந்து கிடைக்காது. ஏன் கிடைக்காது என்று தெரிந்துகொள்ளக் கணிதப் பட்டம் தேவையில்லை. கூட்டல், வகுத்தல் போதும்.

முதல் தவறு, வளர்ச்சி விகிதத்தை எல்லாருடைய வளர்ச்சியாகவும் படிப்பது. ஐந்தே குடும்பங்கள் உள்ள ஒரு நாட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாத வருமானம் முறையே 4,000, 5,000, 6,000, 8,000, 77,000 ராண்ட். மொத்தம் ஒரு லட்சம். அடுத்த ஆண்டு முதல் நான்கு குடும்பங்களுக்கு ஒரு ராண்ட்கூட ஏறவில்லை. ஐந்தாவது குடும்பத்துக்கு மட்டும் 5,000 கூடுகிறது. மொத்தம் 1,05,000 ஆகிறது. வளர்ச்சி 5 சதவீதம். செய்தித்தாள் தலைப்பும் அதுதான்.

இப்போது ஒவ்வொரு குடும்பத்தின் வளர்ச்சியையும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். நான்கு குடும்பங்களுக்குப் பூஜ்யம், ஒன்றுக்கு ஏறத்தாழ 6.5 சதவீதம், சராசரி 1.3 சதவீதம்தான். இரண்டு எண்களும் சரியானவையே. ஜிடிபி வளர்ச்சியில் ஒவ்வொரு ராண்டுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது, ஒவ்வொரு ஆளுக்கும் அல்ல. இதே ஐந்து குடும்பங்களில் கடைசிப் படியில் இருக்கும் குடும்பத்தின் வருமானம் இரட்டிப்பானாலும் மொத்தம் 4 சதவீதமே உயரும். பணக்காரக் குடும்பத்துக்கு 5 சதவீதம் கூடினாலே கிட்டத்தட்ட அதே அளவு உயர்ந்துவிடும். ஏழை வீட்டில் நடக்கும் பெரிய மாற்றமும் பணக்கார வீட்டில் நடக்கும் சிறிய மாற்றமும் இந்த அளவுகோலில் ஒன்றாகவே தெரியும்.

தலா வருமானத்தைச் சாதாரண மனிதனின் வருமானம் என்று எழுதுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம். மேலே உள்ள நாட்டில் ஒரு குடும்பத்துக்கான சராசரி 20,000 ராண்ட். அந்த அளவுக்குச் சம்பாதிக்கும் குடும்பம் ஒன்றுகூட அங்கே இல்லை. வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு, அதாவது இடைநிலையில் இருப்பதற்கு, வருமானம் 6,000தான். சராசரிக்கும் இடைநிலைக்கும் இவ்வளவு தூரம் இருந்தால் ஏற்றத்தாழ்வு கடுமையானது என்று அதிலேயே தெரிந்துகொள்ளலாம். தென்னாப்பிரிக்காவுக்கு உலக வங்கி 2014இல் கணக்கிட்ட கினி குறியீடு 0.63. எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தால் அது 0, ஒருவருக்கே எல்லாம் போனால் 1. உலகில் அளக்கப்பட்ட நாடுகளில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்று அது. ஜிடிபி எண்ணை எழுதும் இடத்தில் இடைநிலையையோ கினியையோ பக்கத்தில் வைக்காத கட்டுரை பாதிக் கட்டுரை என்பேன்.

அடுத்த தவறு சற்று நுட்பமானது. "வீட்டு வேலை எதுவுமே ஜிடிபியில் சேராது" என்று எழுதுகிறார்கள். அது பாதிதான் சரி. நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு முறை ஓர் எல்லைக் கோடு போடுகிறது. சொந்த உபயோகத்துக்காகப் பொருள் உண்டாக்கினால் அது கோட்டுக்கு உள்ளே. சொந்த வீட்டாருக்குச் சம்பளமின்றிச் சேவை செய்தால் வெளியே. குவாசுலு-நட்டால் கிராமத்தில் ஒரு பெண் ஆற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவருவது விதிப்படி உற்பத்தி. அதே தண்ணீரில் அவள் சமைப்பது உற்பத்தி அல்ல. கொல்லையில் கீரை விளைவித்தால் உண்டு, அதை ஆய்ந்து பொரியல் செய்தால் இல்லை.

இந்த விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு; என்னை மிகவும் உறுத்துவது அதுதான். சாட்ஸ்வொர்த்தில் ஒரு குடும்பம் சொந்த வீட்டில் வசிக்கிறது என்றால், அவர்கள் தமக்கே வாடகை கொடுப்பதாகக் கற்பித்து, அந்தத் தொகையை ஜிடிபியில் சேர்க்கிறார்கள். யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை, ஆனாலும் சுவரும் கூரையும் செய்யும் சேவைக்கு மதிப்பு உண்டு. அந்தக் கூரையின் கீழே விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி, படுக்கையில் கிடக்கும் தாத்தாவுக்கு மருந்து கொடுக்கும் பாட்டியின் சேவைக்கு மதிப்பு இல்லை. பணம் கைமாறாததால்தான் சேர்க்கவில்லை என்ற பதில் இங்கே நிற்காது. வாடகைக்கு அந்தத் தடை இருக்கவில்லையே.

இந்த எல்லைக் கோடு வளர்ச்சி எண்ணையே எப்படிப் புரட்டுகிறது என்று ஒரு கணக்கில் பார்ப்போம். வீட்டைக் கவனித்துவந்த ஒரு மருமகள் துணித் தொழிற்சாலையில் 6,000 ராண்ட் சம்பளத்துக்குப் போகிறாள். வீட்டு வேலைக்கு உம்லாசியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 22 நாள். 2025 மார்ச்சில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 28.79 ராண்டில் கணக்கிட்டு, ஏறத்தாழ 3,200 ராண்ட் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக் காப்பகத்துக்கு 1,500. இவை மூன்றும் சேர்ந்து ஜிடிபி மாதம் 10,700 ராண்ட் உயர்ந்ததாகக் காட்டும். ஆனால் சமையலும் துப்புரவும் குழந்தை வளர்ப்பும் முன்பும் நடந்தவைதான். 4,700 ராண்ட் மதிப்புள்ள வேலை சம்பளமில்லாத கையிலிருந்து சம்பளமுள்ள கைக்கு மாறியிருக்கிறது. உண்மையில் புதிதாக வந்தது 6,000.

கணக்கு அங்கே முடியவில்லை. உம்லாசிப் பெண் தன் பிள்ளையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வருகிறாள். அந்தப் பாட்டியின் உழைப்பு கூடியிருக்கிறது. அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. இங்கேதான் ஏற்றத்தாழ்வும் கூலியில்லா உழைப்பும் ஒரே கதையாகின்றன. காசு கொடுத்து வேலையை இறக்கிவைக்கக்கூடியவர்கள் இறக்கிவைக்கிறார்கள். கடைசியில் அதைச் சுமப்பது இறக்கிவைக்க ஆளில்லாதவள். ஆகவே கட்டுரையில் இவற்றை இரண்டு தனித் தலைப்புகளாகப் பிரித்து எழுதாதீர்கள்.

"அப்படியானால் வீட்டு வேலைக்கும் விலை போட்டு ஜிடிபியில் சேர்த்துவிடலாம்" என்று எழுதி முடிப்பவர்களும் உண்டு. விலை போட இரண்டு வழிகள் இருக்கின்றன. அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலியோ அதைப் போடலாம். அல்லது செய்பவர் வெளியே போனால் என்ன சம்பாதிப்பாரோ அதைப் போடலாம். இரண்டாவது வழியில் ஒரு வழக்கறிஞர் துணி துவைக்கும் ஒரு மணி நேரம், தொழிலாளி துவைக்கும் ஒரு மணி நேரத்தைவிடப் பல மடங்கு உயர்ந்ததாகிவிடும். ஊதிய ஏற்றத்தாழ்வு அப்படியே வீட்டுக்குள்ளும் நுழையும். முதல் வழியும் முழுமையானதல்ல. வீட்டு வேலைக்கான கூலியே குறைவாக இருக்கும் நாட்டில் மதிப்பும் குறைவாகத்தான் வரும். இதனால்தான் புள்ளியியலாளர்கள் இதை ஜிடிபிக்குள் கலக்காமல் தனித் துணைக் கணக்காகப் போடுகிறார்கள்.

ராண்டுக்குப் பதில் மணி நேரத்தை எழுதினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை 2000இலும் 2010இலும் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. முந்தைய நாளின் 24 மணி நேரத்தை அரைமணி அரைமணியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வீட்டு வேலையில் பெண்கள் செலவிட்ட நேரம் ஆண்களுடையதைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று தெரியவந்தது. இந்த எண்ணைப் பயன்படுத்தும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். "ஆறு மணிக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் "சமைத்தேன்" என்றுதான் பதில் வரும். இடுப்பில் குழந்தை இருந்ததைத் தனியாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.