கரிசல் மண்ணில் உறிஞ்சு சோதனை: ஊறவைக்காமல் அளக்காதீர்கள்

செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை மண் எவ்வளவு வேகத்தில் குடிக்கும் என்று பார்க்கத்தான் இந்தச் சோதனை. புதிதாகச் செய்பவர்களைக் கவனித்தால், நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள்.

ஊறவைக்காமல் அளப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்கு மே மாதத்தில் சோதனை செய்தேன். குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, உடனே அளந்தேன். அரை மணியில் 50 மில்லிமீட்டர் இறங்கியது. அதாவது 25 மில்லிமீட்டர் இறங்க 15 நிமிடம்.

இந்தியத் தர நிர்ணயப்படி, ஒரு சதுர மீட்டர் மண் ஒரு நாளில் ஏற்கும் லிட்டர் அளவு இது:

Q = 204 / √t

t என்பது 25 மில்லிமீட்டர் இறங்க ஆகும் நிமிடங்கள். t 15 என்றால் சுமார் 53 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு நாளுக்கு 500 லிட்டர் என்று வைத்து, டேங்க் நீரை மண்ணுக்குள் இறக்க 60 சென்டிமீட்டர் அகலத்தில் 16 மீட்டர் உறிஞ்சு வாய்க்கால் போட்டேன்.

ஐப்பசி மழையில் வாய்க்கால் மேலேயே கழிவுநீர் நின்றது. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். நான் ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் ஊறவில்லை, வெடிப்பு வழியாக ஓடிப்போயிருக்கிறது. மழை வந்ததும் மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொண்டன. அப்புறம் பக்கத்திலேயே புதிய குழி வெட்டி, 24 மணி நேரம் ஊறவைத்து அளந்தால் அரை மணியில் 15 மில்லிமீட்டர்தான். t 50, ஏற்பது 29 லிட்டர், தேவையான வாய்க்கால் சுமார் 29 மீட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு! வீட்டுக்காரர் தோட்டத்தை மறுபடி தோண்ட வேண்டியதாயிற்று.

சரி, எப்படிச் செய்வது? வாய்க்காலின் அடி வரும் ஆழம் வரை குழி எடுத்து, அடியில் 50 மில்லிமீட்டர் பருமணல் போடுங்கள். அதற்கு மேல் 300 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி 24 மணி நேரம் ஊறவிடுங்கள். கோடையில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் வடிந்தால் மறுபடி மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால், 150 மில்லிமீட்டருக்குச் சரிசெய்து 30 நிமிட இறக்கத்தைக் குறியுங்கள். வற்றியிருந்தால் 150 வரை ஊற்றி, நான்கு மணி நேரம் அரை மணிக்கொரு முறை அளந்து நிரப்புங்கள். கடைசி அரை மணியின் இறக்கம்தான் கணக்கு. முதல் அளவு பெரிதாகத் தெரிந்தால் நம்பாதீர்கள்.

வழுவழுப்பான சுவர்

ஈரக் களிமண்ணில் கடப்பாரை பட்ட இடம் மெழுகியதுபோல் அடைத்துவிடும். கத்தியால் கீறிவிட்டு, உதிர்ந்த மண்ணை அள்ளுங்கள்.

ஒரே குழி

போதாது. வாய்க்கால் ஓடும் நீளத்தில் மூன்று நான்கு இடங்களில் பாருங்கள்.

t 30-ஐத் தாண்டினால்

உறிஞ்சு குழி வேண்டாம், வாய்க்கால் மட்டும்.

60-ஐயும் தாண்டினால்

வாய்க்காலும் வேண்டாம். வேறு சுத்திகரிப்பு முறையைப் பாருங்கள்.